பரிசோதனை அறிக்கை: செய்முறையும் முடிவும் எழுதும் விதம்

உயர்தரப் பரீட்சையில் இரசாயனவியலில் நல்ல சித்தி பெற்றுப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்திற்குச் சென்ற பிள்ளை, முதலாம் வருடத்தின் முதற் சில வாரங்களில் வீட்டாரிடம் சொல்லும் முறைப்பாடு ஒன்றுண்டு. "பரிசோதனையைச் சரியாகத்தான் செய்தேன், விடையும் வந்தது, ஆனால் அறிக்கைக்கு இருபத்தைந்தில் பதினொன்றுதான் போட்டிருக்கிறார்கள்" என்பதே அது. பாடசாலையில் ஆசிரியர் கரும்பலகையில் எழுதியதைப் பார்த்தெழுதிப் பழகிய பிள்ளைக்கு இது அநியாயமாகவே தோன்றும். திருத்துபவர் எதைத் தேடுகிறார் என்பதை எவரும் அதற்குச் சொல்லவில்லை. அதைத்தான் இக்கட்டுரையில் சொல்ல எண்ணுகிறோம். அறிக்கையின் எல்லாப் பகுதிகளையும் சமமாக விளக்கப் போவதில்லை. மாணவர் அதிகம் புள்ளி இழப்பது செய்முறை, முடிவு ஆகிய இரண்டிலுமே ஆதலால் அவற்றிலேயே தங்கி நிற்போம்.

எடுத்துக்காட்டாக எல்லா வீட்டுச் சமையலறையிலும் இருக்கும் வினாகிரியை எடுத்துக்கொள்வோம். கடையில் வாங்கிய ஒரு போத்தல் வினாகிரியின் லேபலில் அசற்றிக்கமிலம் 4 சதவீதம் என்று அச்சிட்டிருக்கிறது. அதாவது 100 மில்லிலீற்றர் வினாகிரியில் 4 கிராம் அமிலம் இருக்கவேண்டும். இது உண்மைதானா என்று சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலால் நியமித்துக் காண்பது முதலாம் வருட மாணவருக்குக் கொடுக்கப்படும் வழக்கமான பயிற்சிகளில் ஒன்று.

முதலில் அறிக்கையின் படிவம். தலைப்பு, நோக்கம், தத்துவம், செய்முறை, அவதானங்கள், கணிப்பு, ஆராய்வு, முடிவு என்ற வரிசையே பொதுவானது. பீடத்துக்குப் பீடம் பெயர்கள் சிறிது மாறலாம். நோக்கம் ஒரே வாக்கியமாக இருந்தாற் போதும்: "கடையில் வாங்கிய வினாகிரியின் 100 மில்லிலீற்றரில் உள்ள அமிலத்தின் திணிவை நியமிப்பினால் துணிதலும், அதனை லேபலிற் கூறிய அளவுடன் ஒப்பிடுதலும்." தத்துவத்திற்கு நாலைந்து வரிகள் போதும். ஒரு மூல் அசற்றிக்கமிலம் ஒரு மூல் சோடியம் ஐதரொட்சைட்டுடன் தாக்கம் புரியும் என்பதும், மென்னமிலத்தை வன்காரத்தால் நியமிப்பதால் பினோத்தலீன் ஏற்ற காட்டி என்பதும் வந்துவிட்டால் நிறைவு. பாடநூலில் இருந்து இரண்டு பக்கம் பார்த்தெழுதுவதால் ஒரு புள்ளியும் கூடாது.

இனிச் செய்முறைக்கு வருவோம். ஒரு மாணவர் பின்வருமாறு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"அளவியைத் தாங்கியிற் பொருத்தவும். அளவியில் சோடியம் ஐதரொட்சைட்டை நிரப்பவும். வினாகிரியை ஐதாக்கிக் கூம்புக் குடுவையில் எடுக்கவும். சில துளி காட்டி சேர்க்கவும். நிறம் மாறும் வரை நியமிக்கவும். மூன்று முறை செய்யவும்."

இதில் ஒரு வாக்கியமும் பொய்யில்லை. ஆனாலும் செய்முறைக்குரிய ஆறு புள்ளிகளில் ஒன்றுதான் கொடுக்கலாம். முதற் குறை, இது கட்டளைத்தாள். ஆய்வுகூடத்தில் கையில் கொடுத்த தாளில் "செய்யவும், எடுக்கவும்" என்று இருப்பது முறை. அறிக்கையோ நடந்து முடிந்ததைச் சொல்வது. "எடுக்கப்பட்டது, நியமிக்கப்பட்டது" என்று இறந்தகாலத்தில் எழுதவேண்டும். இது வெறும் இலக்கண ஒழுங்கு மாத்திரம் அன்று. தாளில் 25 மில்லிலீற்றர் என்றிருக்க, குழாயி உடைந்திருந்தபடியால் நீர் 20 மில்லிலீற்றர்க் குழாயியைப் பயன்படுத்தியிருக்கலாம். "எடுக்கவும்" என்று எழுதுகிறவர் தாளைப் பார்த்தெழுதுகிறார். "எடுக்கப்பட்டது" என்று எழுதுகிறவர் தாம் செய்ததை நினைவுகூர வேண்டியவராகிறார்.

இரண்டாவது குறை பெரியது. எவ்வளவு வினாகிரி, எவ்வளவாக ஐதாக்கப்பட்டது, எந்தப் பாத்திரத்தால் அளக்கப்பட்டது, காரத்தின் செறிவு என்ன, எந்த நிறம் எந்த நிறமாக மாறியது என்ற ஒன்றும் இல்லை. இதை வைத்துக்கொண்டு வேறொரு மாணவர் அதே பரிசோதனையைச் செய்து அதே விடையைப் பெற முடியாது. அளவியைத் தாங்கியிற் பொருத்தியதோ எவருக்கும் தெரிந்த விஷயம். அதை எழுதாமல் விட்டால் நட்டமில்லை. எதை எழுதுவது, எதை விடுவது என்று தடுமாறும் பிள்ளைக்கு ஓர் உரைகல் தருகிறோம்: இந்த விவரத்தை மாற்றினால் விடை மாறுமா? மாறுமானால் எழுதுக. மாறாதெனில் விடுக. தாங்கி இரும்பால் ஆனதா மரத்தால் ஆனதா என்பதால் விடை மாறாது. அளவி எதனால் அலசப்பட்டது என்பதால் மாறும்.

அதே மாணவர் இந்த உரைகல்லைக் கையிற்கொண்டு திருத்தி எழுதினால் செய்முறை இவ்வாறு அமையும்.

"வினாகிரியால் அலசப்பட்ட குழாயியினால் 10.00 மில்லிலீற்றர் வினாகிரி 100 மில்லிலீற்றர்க் கனமானக் குடுவைக்கு மாற்றப்பட்டு, கொதிக்கவைத்து ஆறவிட்ட காய்ச்சி வடித்த நீரினால் குறிவரை நிரப்பப்பட்டது. குடுவை மூடப்பட்டுப் பல தடவை தலைகீழாகத் திருப்பிக் கலக்கப்பட்டது. இக்கரைசலில் 25.00 மில்லிலீற்றர், இதே கரைசலால் அலசிய குழாயியினால், காய்ச்சி வடித்த நீரினால் மாத்திரம் அலசிய கூம்புக் குடுவையில் எடுக்கப்பட்டு, இரண்டு துளி பினோத்தலீன் சேர்க்கப்பட்டது. அளவி 0.100 மூலர் சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலால் இருமுறை அலசி நிரப்பப்பட்டது. நுனியில் வளிக்குமிழி இல்லாமை பார்க்கப்பட்டது. நிறமற்ற கரைசலில் மிக மெல்லிய இளஞ்சிவப்பு தோன்றி 30 செக்கன் நிலைத்தபோது முடிவுப்புள்ளி கொள்ளப்பட்டது. பருமட்டான நியமிப்பு ஒன்றின் பின், ஒன்றுக்கொன்று 0.10 மில்லிலீற்றருக்குள் அமைந்த மூன்று வாசிப்புகள் பெறப்பட்டன."

இது நீளமாகத் தோன்றினும் தேவையற்ற சொல் இதில் இல்லை. நீரைக் கொதிக்கவைத்தது ஏன்? நீரில் கரைந்துள்ள காபனீரொட்சைட்டும் அமிலத் தன்மை உடையது. அது காரத்தில் ஒரு சிறு பங்கை உண்டுவிடும். இளஞ்சிவப்பு 30 செக்கன் நிலைக்கவேண்டும் என்றது ஏன்? காற்றிலுள்ள அதே வாயு மெல்லக் கரைந்து நிறத்தைப் பின்னர் மங்கச் செய்யும். இதை அறியாத மாணவர் ஐந்து நிமிடத்தின் பின் நிறம் போனதைக் கண்டு இன்னும் ஒரு துளி, இன்னும் ஒரு துளி என்று சேர்த்துக்கொண்டே போவார். கூம்புக் குடுவையை வினாகிரிக் கரைசலால் அலசக்கூடாது. அலசினால் 25 மில்லிலீற்றருக்கு மேலாக அமிலம் உள்ளே தங்கிவிடும். குழாயியையும் அளவியையும் மாத்திரம் அவற்றில் எடுக்கப்போகும் கரைசலாலேயே அலசவேண்டும். காரணங்களைச் செய்முறையில் எழுத வேண்டியதில்லை. செய்ததை எழுதினால் திருத்துபவர் காரணத்தை உணர்வார். ஆறுக்கு ஆறும் கொடுப்பார்.

வாசிப்புகளுக்கு வருவோம். அளவியின் தொடக்க வாசிப்பையும் இறுதி வாசிப்பையும் அட்டவணையிற் காட்டவேண்டும்; கழித்து வந்த கனவளவை மாத்திரம் எழுதினால் கழித்தலில் நேர்ந்த பிழையைக் கண்டுபிடிக்க வழியில்லை. நம் மாணவரின் வாசிப்புகள் இவை என்க. பருமட்டாக 16.20 மில்லிலீற்றர். பின்னர் 0.20 இலிருந்து 15.85 வரை, 15.85 இலிருந்து 31.55 வரை, மீண்டும் நிரப்பி 0.10 இலிருந்து 15.70 வரை. ஆகவே கனவளவுகள் 15.65, 15.70, 15.60, சராசரி 15.65 மில்லிலீற்றர். பருமட்டான வாசிப்பைச் சராசரியிற் சேர்ப்பதில்லை.

கணிப்பு எளிது. 15.65 மில்லிலீற்றர் 0.100 மூலர்க் காரத்தில் 1.565 மில்லிமூல் உண்டு. அதே அளவு அமிலம் 25.00 மில்லிலீற்றர் ஐதான கரைசலில் இருந்தது. எனவே ஐதான கரைசலின் செறிவு 0.0626 மூலர், பத்து மடங்கு ஐதாக்கியமையால் வினாகிரியின் செறிவு 0.626 மூலர். அசற்றிக்கமிலத்தின் ஒரு மூல் 60.05 கிராம் ஆதலால் லீற்றருக்கு 37.6 கிராம், 100 மில்லிலீற்றருக்கு 3.76 கிராம்.

லேபலில் 4 என்றிருக்கிறது. கிடைத்ததோ 3.76. இங்கேதான் மாணவரின் மனம் தடுமாறும். சரியாக 4.00 வரவேண்டுமானால் அளவி எவ்வளவு காட்டியிருக்கவேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிட்டால் 16.65 மில்லிலீற்றர் என வரும். அட்டவணையில் 15 ஐ 16 ஆக்குவது ஒரு பேனாக் கீறல். அருகில் உள்ள மேசையில் ஏற்கெனவே யாரோ அதைச் செய்துகொண்டிருக்கவும் கூடும். "சரியான விடைக்குத்தான் புள்ளி" என்று பாடசாலைக் காலம் முழுவதும் பழகிய பிள்ளைக்கு அது களவாகவே தோன்றாது. பெற்றோரும் இதைக் கவனிக்கவேண்டும், "விடை சரியாக வந்ததா?" என்றே நாம் கேட்கிறோம், "வந்ததை எழுதினாயா?" என்று கேட்பதில்லை.

திருத்துபவருக்கு இது தெரியாமலும் போவதில்லை. மூன்று வாசிப்பும் துளி வேறுபாடின்றி 16.65 என்றிருந்தால் அவர் புருவத்தை உயர்த்துவார். உண்மையான நியமிப்பில் ஒரு துளியே ஏறக்குறைய 0.05 மில்லிலீற்றர், மூன்று வாசிப்புகளுக்கு இடையில் ஒன்றிரண்டு துளி வேறுபாடு இருப்பது இயல்பு. பருமட்டான வாசிப்பு 16.20 ஆக இருக்க, கவனமான வாசிப்புகள் அதைவிடக் கூடியிருந்தால் இன்னும் சந்தேகம். பருமட்டான நியமிப்பில் முடிவுப்புள்ளியைத் தாண்டிவிடுவதே வழக்கமாதலால் அதுவே கூடியிருக்கவேண்டும். திருத்திய இலக்கத்தைத் திருத்த மறந்த இலக்கம் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

சரி, 3.76 என்றே எழுதிய மாணவர் முடிவை எப்படி எழுதுவது? பெரும்பாலார் எழுதுவது இது: "வினாகிரியில் 3.76 சதவீதம் அசற்றிக்கமிலம் உண்டு. மனிதத் தவறுகளால் விடை சிறிது மாறுபட்டது. பரிசோதனை வெற்றிகரமாக நிறைவேறியது." முடிவுக்குரிய ஐந்து புள்ளிகளில் இதற்கு ஒன்று. "மனிதத் தவறு" என்ற சொற்றொடரை அறிக்கையிலிருந்து அடியோடு நீக்கிவிடுமாறு மாணவரைக் கேட்டுக்கொள்கிறோம். எந்தத் தவறு, அது விடையைக் கூட்டுமா குறைக்குமா, எவ்வளவு என்று சொல்லாதவரை அது ஒன்றையும் விளக்குவதில்லை.

சொல்லிப் பார்ப்போம். அளவியை நீரால் மாத்திரம் அலசி விட்டிருந்தால் காரம் ஐதாகி, கூடிய கனவளவு செலவாகும், விடை கூடும். நுனியில் இருந்த வளிக்குமிழி இடையில் வெளியேறினால் செலவாகாத காரமும் செலவானதாகக் கணக்கில் வரும், விடை கூடும். இளஞ்சிவப்பைத் தாண்டிக் கடுஞ்சிவப்பாக்கினால் விடை கூடும். காரக் கரைசல் பல நாள் திறந்து கிடந்து காபனீரொட்சைட்டை உறிஞ்சி வலு குன்றியிருந்தாலும் விடை கூடும். கூம்புக் குடுவையை அமிலக் கரைசலால் அலசினாலும் அப்படியே. பார்த்தீர்களா? புதிய மாணவர் செய்யும் வழக்கமான தவறுகள் எல்லாம் விடையை மேலே தள்ளுகின்றன. நமக்கு வந்ததோ குறைந்த விடை. "தவறு செய்திருப்பேன்" என்ற சமாதானம் இங்கே எதிர்த்திசையில் ஓடுகிறது.

குறைந்த விடை தரக்கூடியவை சிலவே. வினாகிரியை எடுத்த குழாயி நீரால் ஈரமாக இருந்திருக்கலாம். ஆனால் செய்முறையில் அது வினாகிரியால் அலசப்பட்டது என்று எழுதியிருக்கிறோம், ஆகவே அந்த வாயில் அடைபட்டுவிட்டது. நல்ல செய்முறை முடிவுக்கு உதவுவது இப்படித்தான். அடுத்தது, காரக் கரைசல் போத்தலில் எழுதியதைவிடச் செறிவாக இருந்திருக்கலாம். வினாகிரி உண்மையில் 4.00 ஆக இருந்து நமக்கு 15.65 வந்திருக்கவேண்டுமானால் காரத்தின் செறிவு 0.106 மூலராக இருந்திருக்கவேண்டும். இது சோதித்துப் பார்க்கக்கூடியது: செறிவு திட்டமாகத் தெரிந்த ஒட்சாலிக்கமிலக் கரைசலால் அதே காரத்தை நியமித்தால் விடை தெரிந்துவிடும். வேறு கடையில் வாங்கிய வினாகிரியை ஆராய்ந்த பக்கத்து மேசையாரும் தம் லேபலிலும் அதே விகிதத்தில் குறைவாகப் பெற்றிருந்தால் சந்தேகம் வினாகிரியை விட்டுக் காரத்தின் மேல் திரும்பும். மூன்றாவது, வினாகிரியே வலுக் குறைந்ததாக இருக்கலாம். மூடி சரியாகப் பொருந்தாமல் நெடுநாள் இருந்த போத்தலில் அமிலம் ஆவியாகியும் இருக்கலாம்.

இதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: 3.76 க்கும் 4.00 க்கும் உள்ள வேறுபாடு உண்மையான வேறுபாடா, அல்லது நம் கருவிகளின் நிச்சயமின்மைக்குள் அடங்குவதா? அளவியின் ஒவ்வொரு வாசிப்பிலும் 0.05 மில்லிலீற்றர் ஐயம் எனக் கொண்டால் இரு வாசிப்புக்கும் 0.10, அது 15.65 இல் ஏறத்தாழ 0.6 சதவீதம். காரத்தின் செறிவு 0.100 என்று மூன்று இலக்கத்திற்கே தரப்பட்டமையால் அதில் 1 சதவீதம் கொள்ளலாம். குழாயிகளுக்கும் கனமானக் குடுவைக்குமாக இன்னும் 0.4 என்போம். எல்லாவற்றையும் நேரே கூட்டினாலும் 2 சதவீதம்தான், 3.76 இல் அது 0.08. ஆகவே விடை 3.68 க்கும் 3.84 க்கும் இடையில். 4.00 அதற்கு வெளியே நிற்கிறது. கூட்டுவதற்கு இதைவிட நுட்பமான முறை உண்டு. முதலாம் வருடத்துத் தொடக்கத்தில் இது போதும்.

இப்போது முடிவை எழுதலாம்.

"ஆராயப்பட்ட வினாகிரி மாதிரியின் 100 மில்லிலீற்றரில், அசற்றிக்கமிலமாகக் கணித்து, 3.76 ± 0.08 கிராம் அமிலம் உண்டு. இது லேபலிற் கூறிய 4 கிராமிலும் குறைவு. வேறுபாடு பரிசோதனையின் நிச்சயமின்மையிலும் பெரிது. காரக் கரைசலின் செறிவு தனியே சரிபார்க்கப்படாமையால், குறைவு வினாகிரியினதே என்று துணிய முடியாது. ஒட்சாலிக்கமிலத்தினால் காரத்தை நியமித்த பின்னும், புதிதாகத் திறந்த இரண்டாம் போத்தலில் திரும்பச் செய்த பின்னுமே அதைத் தீர்மானிக்கலாம்."

ஐந்துக்கு ஐந்து. "அசற்றிக்கமிலமாகக் கணித்து" என்ற சொற்களைக் கவனிக்க. காரம் எந்த அமிலத்தையும் நடுநிலையாக்கும். வினாகிரியில் சிறிதளவு வேறு அமிலம் இருந்தால் அதையும் சேர்த்தே எண்ணியிருக்கிறோம். அதேபோல, இது தென்னங்கள்ளில் இருந்து செய்ததா அல்லது அசற்றிக்கமிலத்தை நீரிற் கலந்து செய்த செயற்கை வினாகிரியா என்பதையும் இந்த நியமிப்புச் சொல்லாது. இரண்டிலும் அமிலம் ஒன்றே. "ஆகவே இது கலப்படமான வினாகிரி" என்றோ "கம்பனி மக்களை ஏமாற்றுகிறது" என்றோ முடித்தால் புள்ளி குறையும். ஒரு போத்தல், ஒரு பிற்பகல், மூன்று வாசிப்பு. அவை தாங்கக்கூடியதற்கு மேல் அவற்றின் மீது ஏற்றக்கூடாது.

புள்ளித் திட்டத்தையும் சொல்லிவிடுகிறோம். ஒவ்வொரு பீடத்திற்கும் தனித் திட்டம் இருக்கும். இது நாம் பரிந்துரைப்பது. மொத்தம் 25. தலைப்பு, நோக்கம், தத்துவத்திற்கு 3. செய்முறைக்கு 6: அளவுகளும் செறிவுகளும் இருந்தால் 2, எந்தப் பாத்திரம் எதனால் அலசப்பட்டது என்பதற்கு 1, முடிவுப்புள்ளியை விவரித்ததற்கு 1, எத்தனை முறை என்பதற்கு 1, இறந்தகாலத்தில் செய்ததையே எழுதியதற்கு 1. அட்டவணைக்கு 4. கணிப்புக்கு 3. ஆராய்வுக்கு 4, தவறுகளின் திசையையும் நிச்சயமின்மையையும் எழுதும் இடம் இதுவே. முடிவுக்கு 5: அலகுடன் கூடிய விடைக்கு 1, நிச்சயமின்மைக்கு 1, நோக்கத்தில் கேட்டதற்குப் பதில் சொன்னதற்கு 1, எல்லையைக் கூறியதற்கு 1, அடுத்த படியைக் குறிப்பாகச் சொன்னதற்கு 1. லேபலோடு பொருந்திய விடைக்கென்று இதில் ஒரு புள்ளியும் இல்லை என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். 3.76 பெற்றவரும் 25 பெறலாம், 4.00 பெற்றவர் 11 உடன் நிற்கலாம்.

விஞ்ஞான பீடங்களில் அறிக்கையைப் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதவேண்டியிருக்கிறது. தமிழ் மொழிமூலம் கற்றுச் சென்ற பிள்ளை ஆங்கில வாக்கியத்திற்குப் பயந்து, கட்டளைத்தாளில் உள்ள வரிகளையே பெயர்த்தெழுதுவது இதனாலுந்தான். அன்று மாலையே, வாசிப்புகள் நினைவில் இருக்கும்போது, செய்ததைத் தமிழில் பத்து வரியாக எழுதிவைத்துக்கொண்டு, பின்னர் அதைச் சிறுசிறு வாக்கியங்களாக ஆங்கிலத்தில் அமைக்கட்டும். வீட்டில் தம்பியோ தங்கையோ உயர்தரம் படிப்பவராக இருந்தால் அந்தத் தமிழ்ப் பிரதியை அவரிடம் கொடுத்து, "இதை வைத்து உன்னால் செய்ய முடியுமா?" என்று கேட்டுப் பார்க்கலாம். அவர் "எத்தனை மில்லிலீற்றர்?" என்று கேட்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு புள்ளி போயிருக்கும்.